இறால் கம்பெனியில் அம்மோனியா கசிந்தால்: இரவு 2 மணிக்கு ஹூட்டர் அடிப்பது யார், யாருக்கு முதலில் போன்?

முத்துநகர்_செல்வம்

வணக்கம். தூத்துக்குடிக்கு வெளியே ஒரு சின்ன இறால் பதப்படுத்தும் கம்பெனியில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். பிளேட் ஃப்ரீசர், பிளாஸ்ட் ஃப்ரீசர், ஒரு கோல்டு ஸ்டோர், எல்லாமே அம்மோனியாவில் ஓடுகின்றன. மொத்தச் சிஸ்டத்திலும் சேர்த்து சுமார் 2 டன் இருக்கும். பகலில் இறால் உரிக்கும் ஹாலில் 80 பெண்கள் வரை வேலை செய்வார்கள். இரவில் கம்ப்ரசர் அறையில் ஆபரேட்டர் ஒருவர், உதவியாள் ஒருவர், பேக்கிங்கில் நாலு பேர், கேட்டில் வாட்ச்மேன், அவ்வளவுதான். ஆனால் வளாகத்துக்குள்ளேயே வெளிமாநிலப் பெண்கள் தங்கும் விடுதி இருக்கிறது, மாடியில் 30 பேர் தூங்குவார்கள்.

ஆடிட்டுக்காக ஆலோசகர் ஒருவர் எழுதிக் கொடுத்த தடிமனான அவசரகாலத் திட்டம் அலமாரியில் இருக்கிறது. அதை ஆபரேட்டர் தொட்டதுகூட இல்லை. அதனால் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரே ஒரு தாள் எழுத நினைக்கிறேன். நான் போட்டிருக்கும் வரிசை இது: ஆபரேட்டர் கசிவைப் பார்த்தால் ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும், அவர் எனக்குப் போன் செய்வார், நான் முதலாளிக்குச் சொல்வேன், முதலாளி சரி என்றதும் ஹூட்டர் அடித்து ஆட்களை வெளியேற்றி, தேவைப்பட்டால் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல்.

இது போதுமா? டிடெக்டரில் அலாரம் எத்தனை பிபிஎம்-இல் வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குளிர்பதனம்_ராஜு

செல்வம், உங்கள் வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். நீங்கள் எழுதியபடி நடந்தால் ஹூட்டர் அடிப்பதற்கு முன் மூன்று பேரிடம் சொல்லியாக வேண்டும். இரவு 2 மணிக்கு முதலாளி போனை எடுக்க எத்தனை ரிங் போகும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மோனியா அவ்வளவு நேரம் தராது. 300 பிபிஎம் என்பது உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று வைத்திருக்கிற எல்லை. மூடிய கம்ப்ரசர் அறையில் ஒரு வால்வு விட்டுவிட்டால் அந்த அளவைத் தாண்ட ஓரிரு நிமிடம் போதும்.

அதனால் முதல் விதி: கசிவை யார் பார்க்கிறாரோ அவரே ஹூட்டர் அடிக்க வேண்டும். உதவியாளாக இருந்தாலும், தரை கழுவுகிற அம்மாவாக இருந்தாலும் யாரையும் கேட்கத் தேவையில்லை. தவறாக அடித்தாலும் யாரையும் திட்ட மாட்டோம் என்று முதலாளியே ஆட்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறை ஒரு பையனைத் திட்டிவிட்டால் அடுத்த முறை எவரும் அந்தப் பொத்தானில் கை வைக்க மாட்டார்கள்.

டிடெக்டர் விஷயம். பொதுவாக இரண்டு கட்டமாக வைப்பார்கள். 25 பிபிஎம்-இல் கம்ப்ரசர் அறை வாசலில் மஞ்சள் விளக்கும் ஒரு பஸ்ஸரும். அது ஆபரேட்டருக்கான எச்சரிக்கை, ஏதோ கிளாண்டு ஒழுகுகிறது, போய்ப் பார் என்று அர்த்தம். 150 பிபிஎம்-இல் வளாகம் முழுவதும் ஹூட்டர், கூடவே எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓட வேண்டும், அந்த அறைக்குள் இனி யாரும் நுழையக் கூடாது. மூக்கே போதும் என்று எங்கள் தொழிலில் நிறையப் பேர் சொல்வார்கள். தினமும் அதே அறையில் இருப்பவரின் மூக்கு பழகிப்போயிருக்கும். புதிதாக வருபவர் வாசலிலேயே முகம் சுளிக்கிற நாற்றம் ஆபரேட்டருக்குத் தெரியவே தெரியாது. கந்தகத் திரியைக் கொளுத்திப் பார்ப்பது சின்ன ஒழுகலைத் தேடுவதற்குத்தான், அதை அலாரமாக நம்ப முடியாது.

மணி_பாளை

இவ்வளவு பயப்பட வேண்டாம் சார். அம்மோனியா காற்றைவிட லேசானது, நேரே மேலே போய்விடும். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு, கசிகிற இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் தண்ணீரே அம்மோனியாவைக் குடித்துவிடும். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு போய் வால்வை மூடிவிட்டு வர வேண்டியதுதான். எங்கள் ஐஸ் பேக்டரியில் வருஷக்கணக்காக இப்படித்தான் செய்கிறார்கள். அப்புறம் இந்தத் திட்டம் எல்லாம் 60 டன்னுக்கு மேல் வைத்திருக்கிற பெரிய கம்பெனிகளுக்குத்தான் கட்டாயம்.

குளிர்பதனம்_ராஜு

மணி அண்ணன் சொல்வதில் பாதி சரி, மீதிப் பாதிதான் ஆளைக் கொல்லும்.

வாயுவாகக் கசிந்தால் மேலே போகும், உண்மைதான். ஆனால் திரவ அம்மோனியா தங்கும் தொட்டியான ரிசீவரிலிருந்தோ திரவ லைனிலிருந்தோ கசிந்தால் வருவது மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கிற திரவம். அது காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் புகை மூட்டமாகத் தரையோடு தவழும். தூத்துக்குடி காற்றில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? அந்த மூட்டம் வடிகாலுக்குள் இறங்கும், படிக்கட்டின் அடியில் தேங்கும், கதவிடுக்கு வழியாக அடுத்த ஹாலுக்குப் போகும். லேசான வாயுதானே என்று நம்பி உட்கார்ந்து தவழ்ந்து வெளியேறியவர் நேராக அதற்குள்தான் போவார்.

தண்ணீரும் அப்படியே. காற்றில் பரவும் மூட்டத்தின் மேல் தண்ணீரைத் திரைபோல அடித்தால் நன்றாகவே கரைத்து இழுத்துக்கொள்ளும். தரையில் தேங்கி நிற்கும் திரவத்தின் மேல் அடித்தால் கதை வேறு. தண்ணீரில் இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு அது கொதித்து எழும். ஒரு லிட்டர் திரவம் எண்ணூறு, தொள்ளாயிரம் லிட்டர் வாயுவாக விரியும். சின்னக் குட்டையாகக் கிடந்ததை நீங்களே பெரிய மேகமாக்கி அனுப்புகிறீர்கள். எனவே தாளில் இப்படி எழுதுங்கள்: மூட்டத்துக்குத் தண்ணீர் உண்டு, குட்டைக்குத் தண்ணீர் கிடையாது.

ஈரத்துணி தப்பி ஓடுகிற ஒரு நிமிடத்துக்கு உதவும். உள்ளே நுழைவதற்கு அது உதவாது. அடர்த்தி அதிகமானால் வேர்வை இருக்கிற இடமெல்லாம், அக்குள், கழுத்து, தொடையிடுக்கு, தீயாக எரியும். கண் திறக்காது. கண் திறக்காத ஆள் எந்த வால்வை மூடுவார்?

சாயப்பட்டறை_கோபி

நல்ல இழை. எங்கள் பட்டறையிலும் குளோரின் டோனர், அதாவது ஒரு டன் உருளை, இருக்கிறது. மேலே சொன்னதை அப்படியே எழுதி ஒட்டிவிடலாமா? மூட்டத்துக்குத் தண்ணீர் அடிக்க ஒரு ஹோஸ் பைப் வாங்கி வைத்துவிடுகிறேன்.

குளிர்பதனம்_ராஜு

கோபி, தயவுசெய்து வேண்டாம். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில்தான் தங்கும். கசிகிற டோனர் மேல் தண்ணீர் பட்டால் அமிலம் உண்டாகி ஓட்டையை அரித்துப் பெரிதாக்கும். உங்களுக்குத் தேவை டோனருக்கான அடைப்பு கிட், காஸ்டிக் தொட்டி, உயரமான கூடும் இடம். ஹூட்டர், போன் வரிசை இவற்றை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வந்து எழுதுகிறேன்.

பேக்கிங்_சரோஜா

நான் இறால் கம்பெனிகளில் உரிக்கும் மேசையிலிருந்து தொடங்கி இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். மேலே எல்லோரும் கம்ப்ரசர் அறையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆட்கள் இருப்பது ஹாலில்.

முதலில் ஹூட்டர் சத்தம். நான் முன்பு இருந்த ஓரிடத்தில் சாப்பாட்டு நேரத்துக்கும் அதே ஹூட்டர், ஷிஃப்ட் முடியவும் அதே ஹூட்டர். வாயு கசிந்து அடித்தபோது ஹாலில் இருந்தவர்கள் கையுறையைக் கழற்றிக் கழுவிவிட்டு, ஏப்ரனை மாட்டிவைத்து, மெதுவாக வரிசையில் நின்றார்கள். சாப்பாட்டு மணி என்று நினைத்துக்கொண்டார்கள். சத்தமே வேறாக இருக்க வேண்டும் தம்பி. இடைவிடாமல் ஏறி இறங்கும் சத்தம் என்றால் போட்டது போட்டபடி வெளியே போ என்று அர்த்தம். மற்ற எதற்கும் அந்தச் சத்தம் கூடாது. உரிக்கும் ஹாலில் தண்ணீர் சத்தமும் ஐஸ் நொறுக்கும் மெஷின் சத்தமும் சேர்ந்தால் பக்கத்தில் பேசுவதே கேட்காது, கோல்டு ஸ்டோருக்குள் இருப்பவருக்குச் சுத்தமாகக் கேட்காது. அங்கெல்லாம் சுழலும் சிவப்பு விளக்கு வையுங்கள்.

அடுத்தது மொழி. ஒடிசா, அசாம் பிள்ளைகளிடம் “வாயு கசிந்துவிட்டது, மேற்குப் பக்கம் போங்கள்” என்று மைக்கில் கத்தினால் புரியாது. பதற்றத்தில் எல்லோரும் தினமும் உள்ளே வந்த வாசலுக்கே ஓடுவார்கள். அந்த வாசல் கம்ப்ரசர் அறையை ஒட்டி இருந்தால்? அதனால் வார்த்தை வேண்டாம். வளாகத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கூடும் இடம், இரண்டுக்கும் இரண்டு நிறக் கொடி, எந்தக் கொடி தூக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் போவது என்று பழக்குங்கள்.

கடைசியாக விடுதி. இரவில் வெளியே பூட்டுகிறீர்களா? பதில் சொல்லுங்கள்.

முத்துநகர்_செல்வம்

பூட்டுகிறோம் அக்கா. பெண்கள் பாதுகாப்புக்காக என்று வெளிப்பக்கம் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம். உங்கள் கேள்வியைப் படித்ததும் இன்று காலை போய்ப் பார்த்தேன். சாவிக் கொத்தில் எந்தச் சாவி விடுதிக்கு என்று தேடவே நேரம் ஆகிறது. பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும் கம்பிக் கொண்டி போடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் ஹூட்டருக்கு மின்சாரம் கம்ப்ரசர் பேனலிலிருந்தே வருகிறது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தினால் ஹூட்டரும் சேர்ந்து அணைந்துவிடும். டிடெக்டரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் அதே பேனல்தான்.

குளிர்பதனம்_ராஜு

சின்னக் கம்பெனிகளில் பத்துக்கு எட்டு இடத்தில் நீங்கள் பார்த்ததுதான் இருக்கும். ஹூட்டரையும் டிடெக்டரையும் பேட்டரி உள்ள தனி லைனுக்கு மாற்றுங்கள். ஃபேனுக்குத் தனி ஃபீடர், சுவிட்ச் அறைக்கு வெளியே. அம்மோனியா 15 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் தீப்பிடிக்கும், அந்த நேரத்தில் அறைக்குள் நின்று சாதாரண சுவிட்சைத் தட்டக் கூடாது. கையால் அடிக்கும் பெரிய மணி ஒன்றும் கேட்டில் தொங்கட்டும்.

இனி ஒரு கசிவை எடுத்து உங்கள் ஆட்களை வைத்தே நடத்திப் பார்ப்போம். நான் எடுப்பது ஆயில் டிரெயின். குழாய் வெடிப்பதைவிட இதில்தான் ஆபரேட்டர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். கம்ப்ரசர் எண்ணெய் திரவ அம்மோனியாவைவிடக் கனம், அதனால் பாத்திரத்தின் அடியில் சேரும். அதை அவ்வப்போது வடிக்க வேண்டும். குளிரில் எண்ணெய் தார் மாதிரி இறுகிக் கிடக்கும். ஆபரேட்டர் வால்வைக் கொஞ்சம் திறப்பார், வராது. இன்னும் திறப்பார், வராது. முழுக்கத் திறந்து வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அடைத்திருந்த கட்டி விலகும், பின்னாலேயே திரவ அம்மோனியா பீய்ச்சிக்கொண்டு வரும். வால்வு அவர் முகத்துக்கு நேரே, மூடப் போக முடியாது.

இரவு 2.10. ஆபரேட்டர் பின்னால் குதித்து வாசலுக்கு ஓடுகிறார். வாசலுக்கு வெளியே சுவரில் இரண்டு பொத்தான்: ஹூட்டர், எமர்ஜென்சி ஸ்டாப். இந்த வரிசையில்தான், முதலில் ஹூட்டர். அதோடு அவர் வேலை முடிந்தது. காற்று வரும் பக்கமாகப் போய், உதவியாள் தன்னோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

2.11. வாட்ச்மேன் கேட்டில் ஹூட்டரைக் கேட்கிறார். உங்கள் கம்பெனியில் போன் செய்ய அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை, ஏனென்றால் அவர் வெளியே நிற்கிறார், மூச்சு விட முடிகிறது. காற்றுத் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்க்கிறார், எந்தக் கூடும் இடம் என்று தீர்மானித்து அந்த நிறக் கொடியைத் தூக்குகிறார். பிறகு போன். அந்த வரிசையைத் தீயணைப்புத் துறை ஐயா யாராவது சொன்னால் நல்லது.

2.12. பேக்கிங் ஆட்களில் மூத்தவர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, மற்ற மூவருடன் கொடிப் பக்கம் போகிறார். வழியில் விடுதிப் பெண்களைச் சேர்த்துக்கொள்கிறார். 37 பேர் என்றால் 37 தலை. ஒன்று குறைந்தால் தேட உள்ளே போகக் கூடாது, வாட்ச்மேனிடம் பெயரையும் கடைசியாகப் பார்த்த இடத்தையும் சொல்ல வேண்டும்.

கவனியுங்கள், இதில் யாருக்கும் ஆள்பெயர் வைக்கவில்லை, வேலைக்குத்தான் பொறுப்பு. முருகன் லீவு போட்டாலும் கேட்டில் எவர் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் போன் செய்வார்.

ஆயில் டிரெயினுக்கு ஸ்பிரிங் வால்வு போடுங்கள், கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும். இரவில் டிரெயின் செய்வதையே தடை செய்யுங்கள்.

கம்ப்ரசர்_ஜோசப்

ராஜு சாரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். கசிந்தால் உடனே எல்லாவற்றையும் நிறுத்து என்பது சரியல்ல. ஃப்ரீசர் பக்கம், அதாவது லோ சைடில் கசிந்தால், ரிசீவரிலிருந்து திரவம் வெளியேறும் கிங் வால்வை மூடிவிட்டு கம்ப்ரசரை ஓட விட வேண்டும். அது கசிகிற பக்கத்து அம்மோனியாவை இழுத்து ரிசீவருக்குள் அடைத்துவிடும், அழுத்தம் இறங்கும், கசிவு தானே அடங்கும். ஸ்டாப் அழுத்தினால் உள்ளே இருப்பது முழுவதும் ஓட்டை வழியாக ஹாலுக்குத்தான் வரும். நான் இப்படிக் கசிவை அடக்கியிருக்கிறேன்.

குளிர்பதனம்_ராஜு

ஜோசப், பகலில், நீங்களே அங்கே நின்றால், உங்கள் வழிதான் சரி. கண்டன்சர் பக்கம், அதாவது ஹை சைடில் கசிந்தால், அதே வேலை கசிவைப் பெரிதாக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரவு 2 மணிக்குக் கண் எரிய நிற்கும் ஒரு ஆபரேட்டர், ஹை சைடா லோ சைடா என்று கண்டுபிடித்து முடிவெடுக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதக் கூடாது. ரிசீவரிலிருந்து வெளியேறும் திரவ லைனில் ஒரு சாலினாய்டு வால்வு போட்டால் ஸ்டாப் அழுத்தி மின்சாரம் போனதும் அது தானே மூடிக்கொள்ளும். கம்ப்ரசரை ஓட விடலாமா என்பதை, வெளியே வந்தபின் உங்களைப் போன்ற ஒருவர் போனில் தீர்மானிக்கட்டும்.

கம்ப்ரசர்_ஜோசப்

சாலினாய்டு நல்ல யோசனைதான். ஆனால் ஸ்டாப் அழுத்தியபின் மறுபடி ஓட்ட அந்த அறைக்குத்தானே போக வேண்டும்? ஃப்ரீசர் அறை டிடெக்டர் அடித்தால் கம்ப்ரசர் ஓடட்டும், கம்ப்ரசர் அறை டிடெக்டர் அடித்தால் நிற்கட்டும் என்று பேனலிலேயே பிரித்து வைக்கலாம். செலவு கூடும், ஆனாலும் நான் அதைத்தான் செய்வேன்.

சிவப்புவண்டி_ஓய்வு

தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். போன் வரிசையைச் சொல்கிறேன்.

முதல் போன் எங்களுக்கு, 101 அல்லது 112. இரண்டாவது 108. மூன்றாவது காற்று அடிக்கும் திசையில் உள்ள பக்கத்துக் கம்பெனி அல்லது ஊர். நான்காவதுதான் மேலாளர், அவர் முதலாளிக்கும் குளிர்பதன மெக்கானிக்குக்கும் சொல்லட்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை 1077-க்கும், தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கும் சொல்வது மேலாளர் வேலை. இதை வாட்ச்மேன் தலையில் கட்டாதீர்கள், நாலு போனுக்கு மேல் பதற்றத்தில் ஒருவரால் ஒழுங்காகப் பேச முடியாது.

போனில் என்ன பேசுவது என்பதும் எழுதி ஒட்டப்பட வேண்டும். “சீக்கிரம் வாங்க சார், கம்பெனியில் கேஸ் லீக்” என்று சொல்லி வைத்துவிடுவார்கள். சமையல் கேஸ் என்று நினைத்து நாங்கள் கிளம்பி வருவோம். இப்படிச் சொல்லச் சொல்லுங்கள்: “அம்மோனியா கசிவு. கம்பெனி பெயர் இது. அடையாளம், பைபாஸில் இந்தப் பாலம் தாண்டி இடது பக்கம். உள்ளே ஆள் மாட்டியிருக்கிறார், அல்லது எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். காற்று கிழக்கு நோக்கி அடிக்கிறது, மேற்கு கேட் வழியாக வாருங்கள்.” கடைசி வாக்கியம் மிக முக்கியம். வழக்கமான கேட் மூட்டத்துக்குள் இருந்தால் வண்டியோடு நாங்களும் அதற்குள் போய் நிற்போம்.

முத்துநகர்_செல்வம்

ஐயா, காற்றுத் திசையில் ஒரு சந்தேகம். இங்கே பகலில் கடல்காற்று, இரவில் நிலக்காற்று. அப்படியென்றால் பகலுக்குக் கிழக்கே ஒரு கூடும் இடம், இரவுக்கு மேற்கே ஒன்று என்று நிரந்தரமாகவே எழுதிவிடலாமா? காற்றுப்பையைப் பார்க்கும் வேலை மிச்சம்.

சிவப்புவண்டி_ஓய்வு

வேண்டாம். ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியுமே, பகலிலும் மேற்கிலிருந்துதான் மணலை வாரிக்கொண்டு வரும். உங்கள் கணக்குப்படி அன்றைக்குப் பகலில் எல்லோரையும் கிழக்கே, மூட்டம் போகும் பக்கமே அனுப்பிவிடுவீர்கள். காற்றுப்பை ஒன்றைக் கூரை மேல், கேட்டிலிருந்து தெரிகிற மாதிரி, இரவில் விளக்கு படுகிற மாதிரி வையுங்கள். காற்று எதிரே வந்தாலும் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகக் கூடாது. முதலில் பக்கவாட்டில் விலகி, அப்புறம் காற்று வரும் திசைக்குப் போக வேண்டும்.

மணி_பாளை

60 டன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

குளிர்பதனம்_ராஜு

அண்ணே, அது 1989-இல் வந்த அபாயகரமான ரசாயனங்களுக்கான மத்திய விதிகளில் வருகிற அளவு. அம்மோனியாவுக்கு 60 டன் தாண்டினால் வளாக அவசரகாலத் திட்டமும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகையும் அந்த விதியில் கட்டாயம். எண்ணைச் சரியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் 60 டன்னுக்குக் கீழே இருந்தால் எந்தப் பொறுப்பும் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. தொழிற்சாலை உரிமத்துக்கு வரும் அதிகாரி கேட்பார், ஏற்றுமதி வாங்குபவர் கேட்பார். 2 டன்னிலிருந்து 50 கிலோ வெளியே வந்தாலே அந்த ஹாலில் இருப்பவர்களுக்கு அது போதும்.

நர்ஸ்_தேவி

தாளில் முதலுதவி ஒரு வரியாவது வேண்டும். கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே ஓடும் தண்ணீரில், இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருந்தால் கண் போய்விடும், அம்மோனியா கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கும். திரவம் பட்டுத் துணி தோலோடு உறைந்து ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது, முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கழுவுமிடம் கம்ப்ரசர் அறைக்குள்ளே இருந்தால் பயன் இல்லை, கூடும் இடங்களில் குழாய் வேண்டும்.

இன்னொன்று. மூட்டத்தில் மாட்டி வெளியே வந்தவர் “எனக்கு ஒன்றும் இல்லை, இருமல்தான்” என்று அறைக்குப் போய்ப் படுத்துவிடுவார். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். மூட்டத்துக்குள் இருந்த ஒவ்வொருவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், என்ன வாயு என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

பேக்கிங்_சரோஜா

விடுதிக்குத் திரும்ப வருகிறேன். கொண்டி மாற்றியது நல்லது. ஆனால் மூட்டம் படிக்கட்டைச் சூழ்ந்துவிட்டால் அந்த 30 பேரை இறங்கச் சொல்வதா, மேலேயே ஜன்னலை அடைத்துக்கொண்டு இருக்கச் சொல்வதா?

சிவப்புவண்டி_ஓய்வு

இறக்கக் கூடாது என்பது என் கருத்து. ஜன்னல், கதவை மூடி, இடுக்கில் ஈரத் துண்டு வைத்து, ஃபேனை நிறுத்தி, காற்று வரும் பக்கத்து அறையில் ஒன்றாக இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாய் கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் என்ன ஏது என்று தெரியாமல் தூக்கத்தில் எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாத ஓட்டம் அது. பக்கத்து ஊருக்குச் செய்யும் மூன்றாவது போன் இதற்காகத்தான்.

குளிர்பதனம்_ராஜு

ஐயா சொல்வது கசிவு சீக்கிரம் நின்றுவிட்டால் சரி. கீழே ரிசீவர் காலியாகிற வரை கசிந்தால், ஓட்டுக் கூரையும் இடுக்கு ஜன்னலும் உள்ள விடுதி எவ்வளவு நேரம் தாங்கும்? கட்டடத்தின் மறுபக்கம் இரும்புப் படிக்கட்டு ஒன்று போட்டால் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. அதுவரைக்கும் என்னிடம் உறுதியான பதில் இல்லை.

கம்ப்ரசர்_ஜோசப்

விடுதியை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதுதான் பதில். செல்வம் சார் கையில் இல்லை என்று தெரியும், ஆனாலும் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள்.

முத்துநகர்_செல்வம்

எல்லோருக்கும் நன்றி. சுவரில் ஒட்டப் போகும் தாள் இப்போது இப்படி இருக்கிறது, தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் அடிக்கிறோம்:

பார்த்தவர்: வெளியே வா. ஹூட்டர். ஸ்டாப். உள்ளே திரும்பாதே.
கேட்டில் இருப்பவர்: காற்றுப்பையைப் பார். கொடியைத் தூக்கு. 101, பிறகு 108, பிறகு பக்கத்துக் கம்பெனி, பிறகு மேலாளர்.
பேக்கிங் மூத்தவர்: பதிவேடு, தலைக்கணக்கு. குறைந்தால் கேட்டில் சொல். தேடிப் போகாதே.
எல்லோரும்: பக்கவாட்டில் விலகு, காற்று வரும் பக்கம் போ. கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர். மூட்டத்தில் இருந்தவர் மருத்துவமனைக்கு.

ஹூட்டர் பேட்டரி, காற்றுப்பை, ஸ்பிரிங் வால்வு மூன்றுக்கும் முதலாளி ஒப்புக்கொண்டார். இரும்புப் படிக்கட்டுக்கு விலை கேட்டிருக்கிறோம். விடுதியை மாற்றுவது பற்றிக் கடிதம் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. காற்று சிலிண்டரோடு வரும் மூச்சுக் கருவி இரண்டு செட் கேட்டேன், வடிகட்டி மட்டும் உள்ள டப்பா மாஸ்க் போதாதா என்கிறார்.

சிவப்புவண்டி_ஓய்வு

டப்பா மாஸ்க் தப்பி ஓடுவதற்கு மட்டும். அடர்த்தி தெரியாத இடத்துக்குள் அதைப் போட்டுக்கொண்டு நுழையக் கூடாது. சிலிண்டர் செட் வாங்கினால் இரண்டாக வாங்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்துதான் போக வேண்டும், மாதா மாதம் போட்டுப் பழக வேண்டும். 45 நிமிடம் என்று எழுதியிருக்கும் சிலிண்டர் பதற்றத்தில் அரை மணி நேரம்கூட வராது. பழக ஆள் இல்லை என்றால் வாங்காமல் இருப்பதே நல்லது, கருவி இருக்கிற தைரியத்தில் யாராவது உள்ளே போவார்கள். அந்த வேலையை எங்களுக்கு விடுங்கள்.

பேக்கிங்_சரோஜா

முதல் ஒத்திகையைச் சொல்லிவிட்டு நடத்துங்கள், இரண்டாவதைச் சொல்லாமல், இரவு ஷிஃப்ட்டில். வாட்ச்மேன் கண்ணாடி இல்லாமல் அந்தத் தாளைப் படிக்கிறாரா என்றும் பாருங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், போன் எண்கள் அதைவிடப் பெரிதாக.

சிவப்புவண்டி_ஓய்வு

ஒத்திகைக்கு முன் தாளின் ஒரு பிரதியை உங்கள் பகுதி நிலையத்தில் கொடுத்து, பகலில் ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கேட்டிலும் வண்டி திரும்ப இடம் இருக்கிறதா, உங்கள் ஹைட்ரன்ட் வாயில் எங்கள் 63 மி.மீ. கப்ளிங் பொருந்துகிறதா என்று அவர்கள் அப்போதே பார்த்துவிடுவார்கள். பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.